கேஷ் புக் எழுதும் புதுக் கிராணிகள் செய்யும் தவறுகள்

பினாங்கில் மசாலாக் கடைக்குக் கணக்கு எழுத வந்த தம்பி ஒருவர், போன வாரம் பக்கத்தின் அடிமொத்தத்தைப் பார்த்தார், வாய்க்குள் சொல்லிக்கொண்டார், தாளைப் புரட்டி அடுத்த பக்கத்தின் தலையில் எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. ரசீதைத் தொலைப்பது, தேதி போடாதது எல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

நினைவில் வைத்து மொத்தத்தை மாற்றி எழுதுவது

நான் கிராணியாக இருந்த கடையில், விடிந்தால் ஆடிட்டர் வருகிறார். இரவு பெட்டியை எண்ணினேன். புத்தகப்படி 6,120 வெள்ளி இருக்க வேண்டும், இருந்ததோ 1,620. குறைவது 4,500. பெட்டிச் சாவி என்னிடம்தான்.

முதலில் 4,500க்கு விட்டுப்போன செலவுச் சீட்டு உண்டா என்று தேடினேன். பிறகு 2,250, செலவை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும் அல்லவா? இரண்டும் இல்லை. சரி என்று ஒவ்வொரு பக்கமாகக் கூட்டத் தொடங்கினேன். எல்லாம் சரியாக வந்தது. இரண்டு மணி நேரம் வீண்! பக்கத்தின் தலையில் தப்பான எண் இருந்தாலும், அதோடு கூட்டினால் அந்தப் பக்கம் சரியாகத்தானே வரும்?

நள்ளிரவுக்கு அப்புறம்தான் 4,500ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன். மிச்சமின்றி 500. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 500 வந்ததால், ஆயிரம், நூறு இடங்களில் ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் மாறியிருக்கலாம். இது துப்பு மட்டுமே. 4,500 வெள்ளி களவு போயிருந்தாலும் ஒன்பதால் வகுபடும்.

கூட்டுவதை விட்டுவிட்டு அடியையும் தலையையும் மட்டும் ஒப்பிட்டேன். 46ஆம் பக்கத்துச் செலவு மொத்தம் 48,315.60. 47ஆம் பக்கத்தின் தலையில் 43,815.60. என் கையெழுத்துதான். செலவு குறைந்ததால் இருப்பு ஏறிக் காட்டியிருக்கிறது.

இப்போது அடியில் எழுதியதும் தாளைப் புரட்டி எழுதுவேன், மறுபடி திரும்பி ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டு வாசித்து இரண்டு இடத்திலும் டிக் போடுவேன்.

பொய்ச் சீட்டு எழுதிச் சரிக்கட்டுவது

அந்த இரவில் எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள்.

அழித்து எழுதுவது

பழைய எண் தெரியும்படி ஒரே கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். 47க்குப் பிறகு வந்த எல்லா மொத்தங்களையும் கிறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தின் செலவில் ‘47ஆம் பக்கத்தில் குறைவாகக் கொண்டுவந்தது 4,500’ என்று ஒரு வரி.

மாதக் கடைசியில் இருப்புக் கட்டாதது

எங்கள் கடையில் மொத்தம் ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஆடிட்டர் அந்த வரியைப் படித்தார், 47ஆம் பக்கத்தைத் திருப்பினார். தேதி செப்டம்பர். “அதுக்கப்புறம் பெட்டியை யாருமே எண்ணலையா?” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார்.