அழித்த போட்டோ யாரிடம் இருக்கும்?

பாம்பன் மீன் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பாஸ்புக் போட்டோவைத் தவறிப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பதற்றத்தில் Delete for me அழுத்தினால் உங்கள் போனில் மட்டும்தான் மறையும்; மற்றவர்களிடம் அப்படியே இருக்கும். கீழே சில நொடிகள் மட்டும் தெரியும் Undo-வை உடனே தொட்டு, அப்புறம் Delete for everyone கொடுங்கள். அதையும் தவறவிட்டால் குழு அட்மினுக்குப் போன் போடுங்கள், அவரால் எல்லோருக்கும் அழிக்க முடியும். இதற்குச் சுமார் 2 நாள்தான் அவகாசம்.

அழித்த இடத்தில் ‘மெசேஜ் அழிக்கப்பட்டது’ என்ற வரி நிற்கும், அது போகட்டும். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலோ, வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தாலோ அந்த நகல் போகாது. ஐபோன்காரரின் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்ட படமும் அங்கேயே தங்கிவிடும்.