பக்கவாட்டு இடப்பெயர்ச்சி: சரிபோலத் தெரியும் தவறான விடைகள்

கண்ணாடிப் பாளத்தில் சாய்வாக விழும் ஒளிக்கதிர் மறுபுறம் வெளியே வரும்போது அதே திசையில்தான் போகும், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போகும். அந்தத் தள்ளல்தான் பக்கவாட்டு இடப்பெயர்ச்சி. சூத்திரம் பிளஸ் டூ மாணவர்களுக்கு மனப்பாடம்:

d = t sin(i − r) / cos r

இதில் t பாளத்தின் தடிமன், i படுகோணம், r விலகுகோணம். சூத்திரத்தை மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. எதை t என்று எடுப்பது, எந்தத் தூரத்தை d என்று அளப்பது என்பதில்தான் பிசகு நடக்கிறது. பல நேரம் தவறான விடையும் பார்க்க நியாயமாகவே இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரே கணக்கைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். மேசையில் படுக்க வைத்த ஒரு பாளம்: நீளம் 7.5 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 2 செ.மீ. ஒளிவிலகல் எண் n = 1.5. நீளப் பக்கத்தின் மீது 45° படுகோணத்தில் கதிர் விழுகிறது. ஸ்நெல் விதிப்படி sin r = 0.7071 / 1.5 = 0.4714. எனவே r = 28.13°, cos r = 0.882. i − r = 16.87°, அதன் சைன் 0.290. ஆக d = 5 × 0.290 / 0.882, அதாவது 1.65 செ.மீ.

முதல் தவறு t-யிலேயே வருகிறது. தடிமன் என்றதும் பாளத்தைக் கையில் எடுத்து, மேசையிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்துவிடுவார்கள். 2 செ.மீ. என்று போட்டால் d = 0.66 செ.மீ. வரும். கதிர் அந்த உயரத்தின் வழியாகப் போகவே இல்லை. தாளுக்கு இணையாக, ஒரு நீளப் பக்கத்தில் நுழைந்து எதிர்ப் பக்கத்தில் வெளியேறுகிறது. எந்த இரண்டு முகங்களை அது கடக்கிறதோ, அவற்றுக்கு இடைப்பட்ட செங்குத்துத் தூரம்தான் t. இங்கே அது 5 செ.மீ. அதே பாளத்தைத் திருப்பிக் குறுகிய பக்கத்தின் வழியே கதிரை விட்டால் t 7.5 செ.மீ. ஆகிவிடும்.

இன்னொரு கூட்டம் t-யைச் சரியாக எடுத்து, கீழே இருக்கும் cos r-ஐ விட்டுவிடும். 5 × 0.290 = 1.45. வரைபடம் போட்டால் இந்தப் பிழை வராது. கண்ணாடிக்குள் கதிர் சாய்வாகப் போகிறது. அது கடக்கும் பாதை t அல்ல, t / cos r. நம் கணக்கில் 5.67 செ.மீ. படுகதிரை நேராக நீட்டி, வெளியேறும் புள்ளியிலிருந்து அதற்கு ஒரு செங்குத்து வரைந்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம் இந்த 5.67 செ.மீ. பாதைதான். கர்ணத்துக்கும் நீட்டிய படுகதிருக்கும் இடையே உள்ள கோணம் i − r. எதிர்ப்பக்கம் d. சூத்திரம் முழுவதும் அந்த ஒரு முக்கோணத்தில் அடங்கிவிட்டது.

அந்தச் செங்குத்தை எங்கே வரைகிறோம் என்பது அடுத்த சிக்கல். நீட்டிய படுகதிர் பாளத்தின் இரண்டாம் முகத்தை ஓரிடத்தில் வெட்டும். உண்மையான கதிர் வேறு இடத்தில் வெளியேறும். இந்த இரண்டு புள்ளிகளும் ஒரே கோட்டில் அழகாக அமைந்திருப்பதால் ஸ்கேலை அவற்றுக்கு நடுவே வைத்து அளந்துவிடத் தோன்றும். அப்படி அளந்தால் t (tan i − tan r), அதாவது 2.33 செ.மீ. கிடைக்கும். அது முகத்தின் மேல் உள்ள தூரம். நமக்கு வேண்டியது இரண்டு இணைகோடுகளுக்கு இடைப்பட்ட குறைந்தபட்சத் தூரம். 2.33-ஐ cos 45°-ஆல் பெருக்கினால் 1.65 திரும்ப வந்துவிடும். உங்கள் அளவீடு கணக்கைவிடச் சரியாக 1 / cos i மடங்கு பெரிதாக வருகிறது என்றால் நீங்கள் முகத்தோடு ஒட்டி அளந்திருக்கிறீர்கள், சந்தேகமே வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் ஆபத்தாகத் தோன்றும் குழப்பம். கண்ணாடிப் பாளத்தை எழுத்தின் மேல் வைத்து நேர் மேலிருந்து பார்த்தால் எழுத்து உயர்ந்து தெரியும். தோற்ற ஆழப் பாடத்தில் வரும் அந்த உயர்வு t (1 − 1/n). நம் பாளத்தை 5 செ.மீ. உயரம் நிற்கும்படி வைத்தால் 5 × (1 − 1/1.5) = 1.67 செ.மீ. பக்கவாட்டு இடப்பெயர்ச்சியோ 1.65 செ.மீ. பார்த்தீர்களா? சூத்திரத்தையே மாற்றிப் போட்டவனுக்கும் சரியாகப் போட்டவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. ஆய்வகத்தில் ஸ்கேலால் அளக்கும்போது 0.2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 'சோதனை ஒத்துவந்தது' என்று ரெக்கார்டில் எழுதிவிடலாம்.

இது 45°-யும் 1.5-உம் சேர்ந்து செய்யும் தற்செயல், வேறொன்றும் இல்லை. 30°-க்குப் போனால் பக்கவாட்டு இடப்பெயர்ச்சி 0.97 செ.மீ. ஆகக் குறைகிறது, 60°-யில் 2.56 செ.மீ. ஆகிறது. எழுத்தின் உயர்வு மட்டும் அதே 1.67-இல் நிற்கிறது, ஏனென்றால் அந்தச் சூத்திரத்தில் கோணமே கிடையாது. செங்குத்தாக விழும் கதிருக்குப் பக்கவாட்டு இடப்பெயர்ச்சி சுழி. எழுத்தின் உயர்வோ அப்போதுதான் சரியாகப் பொருந்தும். ஒன்று கதிருக்குக் குறுக்காக நடக்கும் தள்ளல், மற்றது பார்வைக் கோட்டின் நெடுக நடப்பது. அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சோதனையை 45°-யில் மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். 30°, 60° இரண்டும் இருந்தால் போலி விடை தானே மாட்டிக்கொள்ளும்.

சிறிய கோணங்களுக்கு d = t i (1 − 1/n) என்று ஒரு சுருக்கம் உண்டு. மேலே சொன்ன உயர்வுச் சூத்திரத்தோடு ஒரு i சேர்ந்தது போல இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். இதில் i ரேடியனில் இருக்க வேண்டும். 10°-யை அப்படியே பாகையில் போட்டால் 5 செ.மீ. பாளத்தில் 16.7 செ.மீ. இடப்பெயர்ச்சி என்று வரும்! இதைப் பிடிக்க எளிய வழி: காற்றில் இருக்கும் பாளத்தில் d ஒருபோதும் t-யைத் தாண்டாது. படுகோணம் 90°-யை நெருங்கும்போது sin(90° − r) என்பது cos r ஆகிவிடுவதால் d = t என்ற எல்லையில் நின்றுவிடும். ரேடியனில் போட்டால் 10°-க்கு 0.291 செ.மீ.; முழுச் சூத்திரம் தருவது 0.294. ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் 45°-க்கு இந்தச் சுருக்கம் 1.31 என்கிறது, உண்மையில் 1.65. அங்கே அதை எடுக்கக் கூடாது.

சிறிய கோணத்தில் முழுச் சூத்திரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. 10°-க்கு r = 6.65°. அதை 7° என்று முழுமையாக்கினால் i − r 3.35-க்குப் பதில் 3 ஆகி, விடை 0.26 செ.மீ. என்று பத்து சதவீதம் குறைந்துவிடும். இரண்டு நெருங்கிய எண்களைக் கழிக்கும்போது இப்படித்தான் ஆகும். r-ஐத் தொடாமலே கணக்கிட வேறு வடிவம் இருக்கிறது:

d = t sin i [1 − cos i / √(n² − sin² i)]

கால்குலேட்டர் கையில் இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம் குண்டூசிச் சோதனை. படுகதிர்ப் பக்கம் இரண்டு ஊசி, எதிர்ப் பக்கம் இரண்டு ஊசி, பாளத்தைச் சுற்றிப் பென்சில் கோடு. ஊசிகளை 2 செ.மீ. இடைவெளியில் நட்டுவிட்டு, தலைகளை ஒரே வரிசையில் கொண்டுவருவது வழக்கமான தப்பு. ஊசி லேசாகச் சாய்ந்திருந்தாலும் தலை நகர்ந்திருக்கும். தாளில் ஓட்டை விழுவதோ காலடியில். காலடியைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டை அரை மி.மீ. விலகினால் 2 செ.மீ. இடைவெளியில் கோட்டின் திசை 1.4° மாறும், 8 செ.மீ. இடைவெளியில் 0.4°-க்கும் குறைவு. இந்தப் பிழையை வெளியேறு கோணம் காட்டிக்கொடுக்கும்: அது படுகோணத்துக்குச் சமமாக வராது.

ஆனால் வெளியேறு கோணம் சமமாக வந்துவிட்டதால் எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது. ஊசிகளைப் பார்க்கும்போது கை பட்டுப் பாளம் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திரும்பாமல் வெறுமனே நகர்ந்திருந்தால் பாதிப்பே இல்லை. வெளியேறும் கதிர் அதே கோட்டில்தான் வரும், ஏனென்றால் d பாளம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது அல்ல. இரண்டு பாகை திரும்பிவிட்டால்தான் வினை. உண்மையான படுகோணம் 47° ஆகி d 1.75 செ.மீ. ஆகிவிடும், ஒரு மி.மீ. கூடுதல். அப்போதும் வெளியேறும் கதிர் படுகதிருக்கு இணையாகவே இருக்கும். தாளில் இருக்கும் பழைய கோட்டுக்குச் செங்குத்து வரைந்து அளந்தால் படுகோணம் 45°, வெளியேறு கோணமும் 45°! அளந்த d கணக்கோடு ஒத்துவரவில்லை, கோணங்கள் மட்டும் பிரமாதம் என்றால், முதலில் பாளத்தைத் திரும்பப் பென்சில் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள்.

படுகோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டாம் முகத்தில் முழு அக எதிரொளிப்பு வந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். வராது. இந்தக் கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் 41.8°. படுகோணம் 90°-யை நெருங்கினாலும் உள்ளே r அந்த 41.8°-யைத் தாண்ட முடியாது. முகங்கள் இணையாக இருப்பதால் இரண்டாம் முகத்தில் விழும் கோணமும் அதே r.

கடைசியாக, சூத்திரம் எங்கே செல்லும் என்ற விஷயம். பாளம் முழுவதும் நீரில் மூழ்கியிருந்தால் n-க்குப் பதிலாக 1.5 / 1.33 என்று போட்டால் போதும்; நம் 1.65 செ.மீ. ஏறக்குறைய 0.7 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். மீன் தொட்டியின் சுவர் அப்படி அல்ல. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் நீர். 45°-யில் விழுந்த கதிர் நீருக்குள் சுமார் 32°-யில் போகிறது. இரண்டு கோடுகளும் இணையாக இல்லாதபோது அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் இடத்துக்கு இடம் மாறும். அந்தக் கணக்கில் இந்த d-யைத் தேடக் கூடாது. ஒவ்வொரு முகத்திலும் ஸ்நெல் விதியைத் தனித்தனியே போட்டு வரைய வேண்டியதுதான்.