ஏழு ஆண்டு கழித்து ஓர் உதவி கேட்கும்போது

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது, தருமபுரியில் என்னோடு ஒரே பட்டறையில் இருந்தவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஏழு ஆண்டுகளாகப் பேச்சே இல்லை. "நலமா அண்ணா?" மறுநாள் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அதற்கு மறுநாள் பழைய ஆயுதபூஜைப் படம். நான்காம் நாள், "உங்கள் கம்பெனியில் ஏதாவது வேலை இருக்கிறதா?"

வேலை கேட்டது தவறில்லை. ஆனால் மூன்று நாள் விசாரிப்பும் இதற்கான முன்னுரை என்று தெரிந்ததும், ரோஜாப்பூவும் வாடிப்போனது. எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் செய்தியிலேயே இருக்கட்டும். இத்தனை நாள் பேசாததற்கு ஒரே வரி போதும். நீண்ட காரணம் சொன்னால் நம்புவது கடினம்.

அடுத்த தவறு "ஏதாவது". எந்த வேலை, எந்தப் பிரிவு என்று தேடும் சுமை கேட்கப்படுபவர் தலையில் விழுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, அவருக்குத் தெரியாததற்குச் சாட்சி கேட்பது. ஒருவரைப் பரிந்துரைத்தால் மனிதவளப் பிரிவில் என்னிடம் கேட்பார்கள்: எப்படித் தெரியும், வேலை எப்படி? இரண்டு ஆண்டு பக்கத்து லேத்தில் பார்த்திருக்கிறேன். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்க்காமல் அவர் பீஸைப் பெட்டியில் போடமாட்டார். அதைத் தயங்காமல் சொல்வேன். அதன்பிறகு அவர் எங்கே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. "நல்ல சூப்பர்வைசர் என்று சொல்லுங்கள்" என்றால் என்னைப் பொய் சொல்ல வைப்பதாகும்.

அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

"அண்ணா, வணக்கம். பல ஆண்டுகளாகப் பேசவில்லை. இப்போதும் ஓர் உதவிக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். நாம் சேர்ந்து வேலை பார்த்த இரண்டு ஆண்டைப் பற்றி யாராவது கேட்டால், நீங்கள் பார்த்ததைச் சொல்ல முடியுமா? தோதுப்படாவிட்டால் பரவாயில்லை, எப்படியும் வெள்ளிக்கிழமை விண்ணப்பித்துவிடுவேன்."

கடைசி வரியைச் சும்மா மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. தான் மறுத்தாலும் இவருக்கு வழி அடைபடாது என்று தெரிந்தால்தான் மனிதருக்கு மறுக்க வாய் வரும். முடியாது என்று நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டு "பார்க்கலாம்" என்று இழுப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

பகலில் திடீரென்று போன் செய்வதும் வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்தவருக்கு அதுதான் தூங்கும் நேரம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை கேட்கலாம். அதோடு விட்டுவிடுங்கள். பழைய மேலாளரை விட்டுச் சொல்லச் சொல்வது நெருக்குவதுதான்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது: மாம்பழப் பெட்டி. கேட்பதற்கு முன்னால் கிருஷ்ணகிரி மாம்பழத்தோடு வீட்டு வாசலில் நின்றால் அவர் எப்படி மறுப்பார்? பதில் வரட்டும். அவர் முடியாது என்று சொன்ன பிறகும் கொடுக்க மனம் வந்தால், அப்போது கொண்டுபோங்கள்.