மருத்துவமனைச் சேர்க்கைப் படிவம்: எதற்குச் சம்மதித்தோம் என்பதை வீட்டாருக்கு எழுதிச் சொல்லுதல்

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும்போது பெற்றோரில் ஒருவரைத் தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், கையெழுத்துப் போடும் பொறுப்பு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர் தலையில்தான் விழுகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது இதை நான் அன்றாடம் கண்டேன். பின்னர் என் வீட்டிலேயே அது நடந்தது. தோஹாவிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்த வாரத்தில், காவேரிப்பட்டணம் வீட்டுக் குளியலறையில் பெரியப்பா வழுக்கி விழுந்து இடுப்பருகே தொடை எலும்பை முறித்துக்கொண்டார். இரவு பதினோரு மணிக்கு அண்ணன் ஆறு தாள்களில் கையெழுத்திட்டார். காலையில் சிங்கப்பூரிலிருந்து தங்கை அழைத்து, “எதற்கெல்லாம் ஒத்துக்கொண்டீர்கள் அண்ணா?” என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அந்தத் தாள்களின் நகலை வாங்கி, அவற்றின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதிக் குடும்பத்தாருக்கு அனுப்பினோம். அதை எப்படி எழுதினோம் என்பதையே இங்கே சொல்கிறேன்.

முதலில், அந்த ஆறு தாள்களும் ஒரே தன்மையானவை அல்ல. பொது ஒப்புதல் படிவம் என்பது பரிசோதனை, இரத்தம் எடுத்தல், டிரிப்ஸ் ஏற்றுதல், வழக்கமான மருந்து ஆகியவற்றுக்கான சம்மதம் மட்டுமே. அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் தனித்தனிப் படிவங்கள் உண்டு. பொதுப் படிவத்தில் “மருத்துவர் தேவையெனக் கருதும் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்” என்று ஒரு வரி இருக்கலாம். எங்கள் குறிப்பில் அந்த வரியை அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே, “இது அறுவை சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது, அதற்கான படிவம் இன்னும் கையெழுத்தாகவில்லை” என்று சேர்த்தோம். 2008இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாக்கியது. நோயறிவதற்காக மட்டும் மயக்க மருந்து பெற்றிருந்த பெண்ணுக்குக் கருப்பையை அகற்ற, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கியது செல்லாது என்பதே தீர்ப்பு. உயிருக்கு ஆபத்தான அவசரம் அங்கே இருக்கவில்லை என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

இதிலிருந்து வருவதுதான் அடுத்த செய்தி: நினைவு தெளிவாக இருக்கும் நோயாளியின் சம்மதத்தை அவரேதான் தர வேண்டும். பெரியப்பா வலியில் இருந்தாரே தவிர, பேசவும் கேட்டதைப் புரிந்துகொள்ளவும் அவரால் முடிந்தது. ஆகவே மறுநாள் அறுவை சிகிச்சைப் படிவத்தை அவரிடமே கொடுக்கச் சொன்னோம். அதில் அறுவை சிகிச்சையின் பெயர், எந்தக் கால், செய்யப்போகும் மருத்துவரின் பெயர், நாள், நேரம் ஆகிய இடங்கள் காலியாக இருந்தன. அவை நிரப்பப்பட்ட பிறகே கையெழுத்திடுவதாகச் சொன்னோம்; “இடது” என்ற சொல்லை மருத்துவரே எழுதினார். நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் முதியவர்கள் நிறைய இருப்பதால், படிவம் தமிழில் இருப்பதுகூட அவர்களுக்குப் போதாமல் போகலாம். அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருவர் வாசித்துக் காட்டட்டும். வாசித்தவர் பெயரையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இனி பணம். வந்தவர்கள் அதிகம் கவனிக்கத் தவறும் தாள், கட்டணப் பொறுப்புறுதி. “காப்பீட்டு நிறுவனம் ஏற்காத தொகை முழுவதையும் நான் செலுத்துவேன்” என்று எழுதியிருக்கும் அத்தாளில் கையெழுத்திடுபவர் நோயாளியின் சார்பாக மட்டும் கையெழுத்திடவில்லை. கடனைத் தன் பெயரில் ஏற்கிறார். அண்ணன் பத்து நாளில் திரும்பிப் போக வேண்டியவர். அவர் போன பிறகு கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்பதை முன்பே முடிவு செய்து, குறிப்பில் எழுதினோம். கட்டிய முன்பணம் 50,000 ரூபாய் வெறும் அட்வான்ஸ் என்பதையும், மதிப்பீட்டுத் தொகை அதுவல்ல என்பதையும் தனி வரியாகச் சேர்த்தோம், ஏனெனில் தங்கை அதையே மொத்தச் செலவென்று நினைத்திருந்தாள்.

அறைத் தேர்வுதான் பில்லை அதிகம் மாற்றியது. பெரியப்பாவின் காப்பீடு 5 லட்சம் ரூபாய்க்கானது. அறை வாடகை நாளுக்கு அதில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் மட்டுமே என்று பாலிசியில் இருந்தது. அண்ணன் அப்பாவின் வசதிக்காக 7,500 ரூபாய் அறையை எடுத்திருந்தார். வித்தியாசமான 2,500 ரூபாயை நாம் கட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். ஆனால் இத்தகைய பாலிசிகளில், அனுமதித்த வாடகைக்கும் எடுத்த வாடகைக்கும் உள்ள விகிதத்திலேயே அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், செவிலியர் கட்டணங்களும் குறைக்கப்படும். இங்கே அந்த விகிதம் மூன்றில் இரண்டு.

ஐந்து நாள் வாடகை 37,500 ரூபாயில் 25,000 ஏற்கப்பட்டது. மேற்சொன்ன கட்டணங்கள் 90,000 ரூபாயில் 60,000 ஏற்கப்பட்டது. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய கருவி ஆகியவற்றுக்கான 85,000 ரூபாயில் இந்த விகிதக் குறைப்பு இல்லை. 2020இல் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி இவற்றிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்திலும் அவ்வாறு குறைக்கக் கூடாது. வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டியதால் 5 சதவீத ஜிஎஸ்டியாக 1,875 ரூபாயும் சேர்ந்தது. ஆக, வசதியான அறைக்காகக் குடும்பம் கட்டியது 12,500 ரூபாய் அல்ல, 44,375 ரூபாய். சேர்க்கும் இரவிலேயே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் “பாலிசியில் அறை வாடகை வரம்பு எவ்வளவு?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். எல்லாப் பாலிசியிலும் இந்த வரம்பு இருக்காது. பழைய பாலிசி என்றால் கட்டாயம் பாருங்கள்.

பணம் கட்டும் வழியையும் முன்பே கேட்டு வையுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே சிகிச்சைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடந்தராது. வெளிநாட்டு வங்கி அட்டையை அங்குள்ள இயந்திரம் ஏற்குமா என்பதை டிஸ்சார்ஜ் நாளில் கவுண்ட்டர் முன் நின்று கண்டறிவது மிகுந்த அலைச்சல்.

இடையில் பெங்களூருவுக்குக் கொண்டுபோகலாம் என்று உறவினர் சொல்வதும் நம் பக்கத்தில் வழக்கம். அப்போது நீட்டப்படும் தாள் பரிந்துரைக் கடிதமா, “மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறுகிறேன்” என்னும் உறுதிமொழியா என்பதைப் பார்த்து, எதுவோ அதைக் குறிப்பில் எழுதுங்கள். இரண்டாவது தாளில் கையெழுத்திட்டால், பின்விளைவுக்கு நாமே பொறுப்பு என்று ஒத்துக்கொள்கிறோம்.

வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரி, இனவாரியான பில், ரசீதுகள், எக்ஸ்ரே ஆகியவற்றோடு, பொருத்திய கருவியின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரின் நகலையும் கேட்டு வாங்கினோம். முழுக் கோப்பின் நகலை அன்றே தர முடியவில்லை என்றார்கள். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தோம். அண்ணன் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் கோப்பு கைக்கு வந்தது.