நிலைக்கதவில் கரையான்: மருந்து எங்கே போக வேண்டும்?

ஏற்காட்டில் சரிவை வெட்டிக் கட்டிய பழைய ஓட்டு வீடுகளில் கரையான் பெரும்பாலும் பின்சுவர் வழியாகத்தான் ஏறும். அங்கே மண் சுவரை ஒட்டி உயர்ந்து நிற்கும், ஈரமும் சீக்கிரம் வற்றாது. அப்படி ஒரு வீட்டின் பின்கதவு நிலையை வைத்தே வேலையைச் சொல்கிறேன்.

முதலில் வந்திருப்பது கரையான்தானா என்று பாருங்கள். சின்ன வட்டத் துளையும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் அது வண்டு. கரையான் மாவு கொட்டாது, மண் பூசும். நிலைக்காலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினோம். அடியில் பொத்தென்று சத்தம். பக்கத்துச் சுவரில் பென்சில் தடிமனில் ஒரு மண் குழாய் தரையிலிருந்து ஏறியிருந்தது.

அந்தக் குழாயில் ஓர் அங்குலம் மட்டும் உடையுங்கள். வெள்ளையாக ஓடுபவை வேலைக்காரக் கரையான்கள். பழுப்புத் தலையும் கொடுக்குமாக உடைந்த இடத்தில் வந்து நிற்பவை சிப்பாய்கள். சிப்பாய்க்குத் தானாகத் தின்ன முடியாது, வேலைக்காரர்கள்தான் ஊட்ட வேண்டும். மரத்தைத் தின்பதும் குழாய் கட்டுவதும் அவர்களே. மெல்லிய உடம்பு, காற்றுப் பட்டால் காய்ந்துவிடும், அதனால்தான் இந்த மண் மூடி. மறுநாள் உடைப்பு அடைபட்டிருந்தால் போக்குவரத்து நடக்கிறது என்று அர்த்தம்.

பலரும் இங்கேதான் மரத்தின் மேல் மருந்தடித்து நிறுத்திவிடுகிறார்கள். ராணி மண்ணுக்குள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், செத்த வேலைக்காரர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வருவார்கள். மறிக்க வேண்டியது மண்ணிலிருந்து மரத்துக்கு வரும் வழியை.

அதனால் மருந்துக்கு முன்னால் சுவரை ஒட்டிய விறகுக் குவியலை அகற்றுங்கள், ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள், முடிந்தவரை சுவரோர மண்ணைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்குங்கள். மண் குழாய்களை இப்போதே துடைத்துவிடாதீர்கள், எங்கே துளை போடுவது என்று காட்டுபவை அவைதான்.

அப்புறம் தரையும் சுவரும் சேரும் மூலையில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, தளத்தைத் தாண்டி மண் தட்டும்வரை. மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.1 மி.லி. துளைக்கு ஒரு லிட்டர் வரை, மண் உறிஞ்ச உறிஞ்ச மெதுவாக ஊற்றி, சிமென்ட்டால் அடையுங்கள். கையுறை கட்டாயம். கிணறோ ஓடையோ பக்கத்தில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், முதலில் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நிலைக்காலில் கத்தி எளிதாக இறங்கும் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புது மரத்தின் அடி மண்ணைத் தொடாமல் கல் மேல் நிற்கும்படி வையுங்கள். சில்வர் ஓக்கைத் தவிருங்கள், கரையான் அதை எளிதாகத் தின்றுவிடும். பழைய தேக்கின் வைரம் பரவாயில்லை, ஆனால் வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர் மரத்தைத் தேக்கானாலும் கரையான் விடாது.

வேலை முடிந்து பழைய குழாய்களைத் துடைத்தபின் மழைக்காலம் முழுக்க அந்தச் சுவரைப் பாருங்கள். விளக்கடியில் ஈசல் விழுந்தால் பயம் வேண்டாம், அது வெளியிலிருந்தும் வரும். பூட்டிக் கிடந்த அறைக்குள் உதிர்ந்த இறகு கிடந்தாலோ, சுவரில் புது மண் கோடு தெரிந்தாலோ, அதன் அடியில் துளை போட்டு மறுபடி மருந்து ஊற்ற வேண்டும்.