அரங்கேற்றப் படத்துக்கு நன்றி எழுதும்போது

அரங்கேற்றப் படத்தை இன்ஸ்டாகிராமில் இடும்போது குரு, பாடகர், மிருதங்கக் கலைஞர், ஒப்பனையாளர், பெற்றோர் என்று வரிசையாக நன்றி எழுதினால், முதல் இரண்டு வரிகளுக்குப் பிறகு மடிந்துவிடும் அந்தக் குறிப்பை யாரும் விரித்துப் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக, இவர்களுள் பலருடைய கை ஒன்றாகப் பட்ட ஒரே ஒரு தருணத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்தே தொடங்குங்கள்.

"வர்ணத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது என் சலங்கை வார் அறுந்தது. ஒப்பனை அக்கா தலைப்பின்னலுக்கு வைத்திருந்த கறுப்பு நூலால் அதைக் கட்டினார். நான் மேடையேறும்வரை மிருதங்க அண்ணா தனி வாசித்துச் சபையைப் பிடித்து வைத்திருந்தார். குரு மட்டும் என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, 'மூச்சு விடு' என்றார்."

இங்கே நன்றி என்ற சொல்லே இல்லை. ஒவ்வொருவருக்கும் அவர் மட்டுமே செய்த ஒரு வினை இருக்கிறது. எழுதி முடித்தபின் இரண்டு பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால், அது இன்னும் பட்டியல்தான்.

கதைக்குள் வராதவர்களை வலிந்து நுழைக்க வேண்டாம். படத்திலேயே இருபது பேர்வரை டேக் செய்யலாம். ஆனால் படம் எடுத்தவரின் பெயரை மட்டும் கடைசியில் தனி வரியாகவே கொடுங்கள், ஏனெனில் அது அவருடைய தொழில் உரிமை.