53ஏ விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண் எங்கே கசிகிறது?

சொத்து மாற்றுச் சட்டத்தில் பகுதி நிறைவேற்றம் பற்றிய பயிற்சி வினா ஒன்று. 2019-இல் 20 லட்சத்துக்கு எழுதிக் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தம், பதிவு செய்யவில்லை. வாங்குபவர் 15 லட்சம் கொடுத்து, சுவாதீனம் பெற்று, சுற்றுச்சுவர் கட்டினார். மீதி 5 லட்சத்துக்கு வரைவோலை எடுத்து நோட்டீஸும் அனுப்பினார். விற்பவரோ அவரை வெளியேற்ற வழக்குப் போடுகிறார். 53ஏ காப்பாற்றுமா?

மதிப்பீட்டு அட்டவணை 10-க்கு: பிரச்சினை 1, சட்டம் 4, பொருத்துதல் 4, முடிவு 1.

மாணவர் பிரச்சினையைச் சரியாகக் குறித்துவிட்டு எழுதுகிறார்: "எழுத்துமூல ஒப்பந்தம், சுவாதீனம், தன் பங்கை நிறைவேற்றத் தயாராக இருத்தல் ஆகிய மூன்றும் தேவை. வாங்குபவர் 15 லட்சம் கொடுத்து, சுவாதீனம் பெற்று, சுவர் கட்டியுள்ளார். எனவே 53ஏ அவரைப் பாதுகாக்கும், அவரே உரிமையாளர்."

படித்த வேகத்தில் 8 போடத் தோன்றும். அதுதான் முதல் தவறு. மொத்தத்தைப் பார்த்துப் போடாமல், ஒவ்வொரு வரிசையாக விடையில் தேடுங்கள்.

சட்டப் பகுதியில் மூன்று நிபந்தனைகள் உள்ளன: 3. நான்காவதான பதிவு விடுபட்டிருக்கிறது. 24.9.2001 முதல் பதிவுச் சட்டம் 17(1ஏ)-இன்படி, பதிவாகாத ஒப்பந்தம் 53ஏ-க்கு உதவாது.

பொருத்துதலில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மாணவர் வினாவின் தகவல்களைத் திரும்ப எழுதியிருக்கிறார், ஆனால் நிபந்தனையோடு இணைத்தது ஒன்றே ஒன்று: சுவாதீனம். அதற்கு 1. சுவருக்கு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தை முன்னெடுக்கும் வேறொரு செயலை 53ஏ கேட்பது ஏற்கெனவே சுவாதீனத்தில் இருந்தவரிடம்தான். 15 லட்சம் என்பது கொடுத்து முடித்த பணம். தயார்நிலையைக் காட்டுவது வரைவோலையும் நோட்டீஸும், அவற்றை மாணவர் தொடவே இல்லை. "அவர் மனதில் இருந்திருக்கும்" என்று நாம் நிரப்பிக் கொடுக்கக்கூடாது. விற்பவர் கையெழுத்திட்டதையும் பொருத்தவில்லை, பதிவின்மையையும் பொருத்தவில்லை.

முடிவில் கவனம் தேவை. பதிவை மறந்ததற்கு மேலே இரண்டு மதிப்பெண் போய்விட்டது. அதே பிழைக்காக இங்கே மறுபடி வெட்டினால் இரட்டைத் தண்டனை. அவருடைய பகுப்பாய்விலிருந்து "பாதுகாக்கும்" என்பது இயல்பாகவே வருகிறது. ஆனால் "அவரே உரிமையாளர்" என்பது புதிய பிழை: 53ஏ தற்காப்புக் கேடயம் மட்டுமே, உரிமை மாறப் பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். ஆகவே அரை மதிப்பெண்.

மொத்தம் 5½. ஓரத்தில் "பொருத்துதல் போதாது" என்று எழுதினால் மாணவருக்குப் பயன்படாது. எழுத வேண்டிய வாக்கியத்தையே எழுதிக்காட்டுங்கள்: "2019 ஒப்பந்தம் பதிவாகவில்லை; 17(1ஏ)-இன்படி 53ஏ துணைக்கு வராது." இந்த ஒரு வரியில் சட்டத்துக்கு ஒன்று, பொருத்துதலுக்கு ஒன்று.